திரையில் துடிக்கும் கம்பி

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை நிறுவி கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்தால், நிழல், தண்ணீர், புல் என்று நீளும் பட்டியலில் Anti-Aliasing என்றொரு வரி இருக்கும். அதைத் தட்டினால் FXAA, MSAA, TAA, DLAA என்று மூன்று நான்கு எழுத்துப் பெயர்கள் விழும். பட்டியலின் கடைசியில் இருப்பதுதான் உசத்தி என்று நம்பி அதையே வைத்துவிடுபவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் எங்கோ படித்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் மாதம் முழுக்க ஒரே புகார்தான்: படம் மங்கலாக இருக்கிறது, இல்லாவிட்டால் ஓரமெல்லாம் நெளிகிறது.

இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைக் கூர்ந்து பார்த்தால் போதும். விளையாட்டுக்குள் தெருவில் நிற்கிறீர்கள். தூரத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு மின்கம்பி லேசாகச் சரிந்து போகிறது. பின்னால் வெளிறிய வானம், கம்பி கறுப்பு. இந்தக் கம்பியைத்தான் கட்டுரை முழுக்கப் பின்தொடரப் போகிறோம்.

நம் வீடுகளில் பரவலாக உள்ள 1920 x 1080 திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல்கள் உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு நிறம்தான். அந்த நிறத்தைத் தீர்மானிக்க கிராபிக்ஸ் கார்டு பிக்சலின் நட்டநடுவில் உள்ள ஒரு புள்ளியை மட்டும் சோதிக்கிறது. அந்தப் புள்ளியில் கம்பி பட்டால் முழுக் கறுப்பு, படாவிட்டால் முழு வானம். பாதிக் கறுப்பு என்ற பேச்சே கிடையாது.

நம் கம்பியின் தடிமன் 0.4 பிக்சல் என்றும், அது பத்துப் பிக்சல் அகலத்துக்கு ஒரு பிக்சல் கீழே இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், ஒவ்வொரு பத்துப் பிக்சலிலும் நான்கில் மட்டும் கம்பி நடுப்புள்ளியில் படும். மற்ற ஆறில் புள்ளிக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். ஆகவே திரையில் தெரிவது கம்பி அல்ல, நான்கு பிக்சல் கறுப்பும் ஆறு பிக்சல் இடைவெளியுமாக வெட்டிப் போட்ட துண்டுகள்.

அசையாத படத்தில் இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரிச்சல் தொடங்குவது நகரும்போதுதான். கேமரா அரைப் பிக்சல் உயர்ந்தாலே அந்தத் துண்டுகள் எல்லாம் ஐந்து பிக்சல் பக்கவாட்டில் ஓடிவிடும். நீங்கள் நிதானமாக நடந்துபோகும்போது கம்பி முழுவதும் எறும்பு ஊர்வது போலத் துடிப்பது இதனால்தான். படிக்கட்டு போன்ற ஓரத்தை விட இந்தத் துடிப்புதான் கண்ணை இழுக்கும் தொல்லை. விமர்சனங்களில் அச்சாகும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் இது தெரியவே தெரியாது என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்து என்னவென்று சொல்லிவிடுவது எளிது. ஒரு பிக்சலுக்குள் ஒரு புள்ளிக்குப் பதில் பல புள்ளிகளைச் சோதித்து, கிடைக்கும் விடைகளின் சராசரியை நிறமாக வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் புள்ளிகளுக்கான செலவை எங்கே கட்டுவது என்பதில்தான் இத்தனை பெயர்களும் பிறந்தன.

நேர்மையான வழி SSAA. படத்தையே பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவது. 1080p திரைக்கு 4K அளவில் வரைந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு புள்ளிகள் கிடைக்கும். கம்பி, இலை, தண்ணீரின் மினுமினுப்பு எதையும் இது விட்டுவைக்காது, எதையும் மங்கலாக்கவும் செய்யாது. விலைதான் கொடுமை. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமை 16.7 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஏற்கனவே 14 மில்லி விநாடி எடுக்கும் விளையாட்டில் SSAA 4x வைத்தால் அது ஐம்பதைத் தொடலாம். அதாவது விநாடிக்கு இருபது ஃப்ரேம்.

இதில் ஒரு கெட்டிக்காரச் சிக்கனம்தான் MSAA. ஒரு பிக்சலுக்குள் நான்கு புள்ளிகளில் எந்தப் பொருள் இருக்கிறது என்று மட்டும் சோதிக்கும். ஆனால் வெளிச்சம், நிழல், பளபளப்பு என்று நிறத்தைக் கணக்கிடும் பெரிய வேலையை ஒரு பொருளுக்கு ஒருமுறைதான் செய்யும். சுவரின் நடுவே நான்கு புள்ளியும் அதே சுவர் என்பதால் அங்கே கூடுதல் நிறக் கணக்கு கிடையாது. ஓரங்களில் மட்டும்தான் கூடும்.

நம் கம்பி MSAA 4x-இல் எப்படி வரும்? நான்கு புள்ளிகளும் பிக்சலுக்குள் நான்கு வெவ்வேறு உயரங்களில், கால் பிக்சல் இடைவெளியில் இருக்கும். 0.4 பிக்சல் தடிமனுள்ள கம்பி அவற்றில் ஒன்றையாவது, சில இடங்களில் இரண்டையும் தொட்டே தீரும். எனவே எங்கும் அறுபடாத, கால் முதல் அரைப் பங்கு அடர்த்தியுள்ள சாம்பல் கோடு கிடைக்கும். கேமரா நகர்ந்தாலும் கோடு கோடாகவே இருக்கும். சுவரின் எழுத்தும் செங்கல்லின் சொரசொரப்பும் துளியும் மங்காது. கூர்மையைக் கெடுக்காமல் ஓரத்தை மட்டும் சீர்செய்வதில் இதற்கு இணை இன்றுவரை இல்லை என்பது என் கருத்து. எல்லை இல்லாமலும் இல்லை. கம்பி இன்னும் தள்ளிப்போய் 0.1 பிக்சலாக மெலிந்துவிட்டால் நான்கு புள்ளிகளும் தவறும் இடங்கள் வந்து, மறுபடியும் துண்டு துண்டாகிவிடும். மங்கலான துண்டுகள் என்பதே வித்தியாசம்.

இவ்வளவு நல்லதாக இருந்தும் புதிய விளையாட்டுகளில் MSAA ஏன் காணாமல் போயிற்று? இரண்டு காரணம். ஒன்று, பல விளையாட்டு என்ஜின்கள் வெளிச்சக் கணக்கைத் தள்ளிப்போடும் முறைக்கு மாறிவிட்டன. முதலில் ஒவ்வொரு பிக்சலின் நிறம், சாய்வு, பளபளப்பு, தூரம் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாகச் சேமித்துவிட்டு, பிறகு எல்லா விளக்குகளையும் ஒன்றாகக் கணக்கிடுவார்கள். ஒரு பிக்சலுக்கு 20 பைட் என்று வைத்தால் 1080p-க்கு சுமார் 41 எம்.பி. நான்கு புள்ளிக்கும் சேமித்தால் 166 எம்.பி. 4K திரையில் அது 660 எம்.பி.யைத் தாண்டும். இடம் மட்டுமல்ல, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவ்வளவையும் எழுதிப் படிக்க வேண்டும். சிக்கனமே வீணாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. MSAA-வுக்குத் தெரிந்ததெல்லாம் முக்கோண வடிவங்களின் ஓரம் மட்டுமே. மரத்தின் இலை ஒவ்வொன்றையும் வடிவமாகச் செய்வதில்லை. தட்டையான அட்டையில் இலைப் படத்தை ஒட்டி, இலை இல்லாத இடத்தை வெட்டிவிடுகிறார்கள். கம்பி வேலியும் அப்படித்தான். அந்த வெட்டு MSAA-வின் கண்ணுக்குப் படாது. ஈரத் தரையில் விளக்கின் மினுமினுப்பு துடிப்பதையும் அது தடுக்காது, ஏனெனில் அது ஓரத்தில் நடப்பதில்லை. அதனால் கட்டடங்கள் நேர்த்தியாகவும், எதிரில் உள்ள மரங்கள் நெளிந்துகொண்டும் இருக்கும்.

ஆனாலும் நேரடியாக வெளிச்சம் கணக்கிடும் என்ஜின்களில் MSAA இன்னும் உயிரோடு இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்டிரைக் 2, வேலரன்ட் இரண்டிலும் அது தேர்வாகக் கிடைக்கும். தலையில் மாட்டும் விஆர் விளையாட்டுகளிலும் அதற்கு மதிப்பு உண்டு. அங்கே மங்கலும் துடிப்பும் இரண்டுமே தலைசுற்றலில் கொண்டுபோய் விடும்.

FXAA வேறு ரகம். என்விடியாவில் இருந்த டிமத்தி லாட்டஸ் உருவாக்கியது. கூடுதல் புள்ளி எதையும் இது சோதிப்பதில்லை. வரைந்து முடித்த படத்தை எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வெளிச்ச வித்தியாசத்தைப் பார்த்து, இங்கே ஓரம் இருக்க வேண்டும் என்று ஊகித்து நிறத்தைக் கலக்கும். பெரும்பாலான கார்டுகளில் ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

ஊகத்தின் விலை இரண்டு இடத்தில் தெரியும். சுவரொட்டியின் எழுத்தும் வெளிச்ச வித்தியாசம்தான் என்பதால் அதையும் ஓரம் என்று நினைத்துத் தேய்த்துவிடும். நம் கம்பிக்கோ பெரிய உதவி இல்லை. நான்கு கறுப்பு, ஆறு இடைவெளி என்று வந்த படத்தில் இடையே இருந்த கம்பி தொலைந்தே போய்விட்டது. வரையாத கம்பியை FXAA எங்கிருந்து கொண்டுவரும்? துண்டுகளின் முனை மழுங்கும், துடிப்பு அப்படியே இருக்கும். ஹோர்ஹே ஹிமெனெஸ் உள்ளிட்ட குழு 2012-இல் வெளியிட்ட SMAA இதே ஊகத்தை இன்னும் கவனமாகச் செய்கிறது. ஓரத்தின் வடிவத்தை அளந்து, எழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இரண்டும் மெனுவில் இருந்தால் SMAA-வை எடுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி TAA. இன்று வரும் பெரிய விளையாட்டுகளில் இதுதான் ராஜா, வசவு வாங்குவதும் இதுதான். இதன் யோசனை அழகானது. ஒரே ஃப்ரேமில் எட்டுப் புள்ளிகளைச் சோதிக்க வசதி இல்லையா, சரி, ஃப்ரேமுக்கு ஒன்றாக எட்டு ஃப்ரேமில் சோதிப்போம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவாக, கண்ணுக்குத் தெரியாத அளவு அசைப்பார்கள். முதல் ஃப்ரேமில் நடுவுக்குச் சற்று மேலே, அடுத்ததில் இடப்பக்கம், அதற்கடுத்ததில் கீழே. வந்த விடைகளைப் பழைய படத்தோடு கலந்துகொண்டே போனால், நின்ற இடத்தில் நம் கம்பி 40 சதவீத அடர்த்தியுள்ள, அறுபடாத, அசையாத கோடாகிவிடும். இலையா, வேலியா, மினுமினுப்பா என்று பேதம் பார்க்காது. SSAA-வுக்குப் பக்கத்தில் வரும் படம், செலவோ மிகக் குறைவு. எபிக் கேம்ஸின் பிரையன் காரிஸ் 2014-இல் சிக்ராஃப் மாநாட்டில் அன்ரியல் என்ஜின் 4-க்கான இந்த முறையை விளக்கிய பிறகு, தொழில் முழுவதும் இந்தப் பக்கம் சாய்ந்தது.

சிக்கல், நீங்கள் நடக்கத் தொடங்கும் நிமிடத்தில். போன ஃப்ரேமில் இந்தக் கம்பி எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடித்து அங்கிருந்து பழைய நிறத்தை எடுத்துவர வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு பிக்சலின் நடுவில் சரியாக விழாது. இரண்டு மூன்று பிக்சல்களுக்கு இடையில் விழும். அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்துதான் எடுக்க முடியும். இதை ஒவ்வொரு ஃப்ரேமிலும் செய்தால், கலந்ததையே மறுபடி கலந்து, படம் மங்குகிறது. நின்றால் தெளிவு, நடந்தால் மங்கல் என்று பலர் சொல்வது பிரமை இல்லை. காரணம் இதுதான்.

அடுத்தது கோஸ்டிங். புதிய ஃப்ரேமுக்குப் பத்துச் சதவீத இடம், பழைய படத்துக்குத் தொண்ணூறு என்பது வழக்கத்தில் உள்ள ஒரு கலவை. இந்தக் கணக்கில் ஒரு பழைய நிறம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே தேய 22 ஃப்ரேம் ஆகும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் மூன்றில் ஒரு விநாடிக்குச் சற்று மேல். 30 ஃப்ரேம் என்றால் முக்கால் விநாடி. ஓடும் ஆளுக்குப் பின்னால் வால் போல நிழல் இழுபடுவது இதனால்தான். உங்கள் கார்டு எவ்வளவு வேகமாக ஃப்ரேம் தருகிறதோ, அவ்வளவுக்கு TAA நன்றாக இருக்கும். ஒரே விளையாட்டின் TAA-வை ஒருவர் மெச்சுவதும் இன்னொருவர் திட்டுவதும் பல நேரம் இந்த ஒரு வித்தியாசத்தால்.

வாலை வெட்டவும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பழைய நிறம், புதிய ஃப்ரேமில் அந்தப் பிக்சலைச் சுற்றியுள்ள ஒன்பது பிக்சல்களின் நிறங்களுக்குள் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் அது காலாவதியானது என்று முடிவுகட்டி இழுத்துத் திருத்திவிடுவார்கள். நல்ல யோசனை, ஆனால் நம் கம்பியைப் பாருங்கள். ஆறு பிக்சல் இடைவெளியின் நடுவில் உள்ள பிக்சலுக்கு அந்த ஃப்ரேமில் சுற்றிலும் வானம் மட்டுமே. பழைய சாம்பல் நிறத்துக்கு அங்கே சாட்சி இல்லை. ஆகவே சரியாகச் சேர்த்து வைத்திருந்த கம்பியே தூக்கி எறியப்படும். அடுத்த ஃப்ரேமில் திரும்பி வரும். மெல்லிய கம்பி TAA-விலும் சில விளையாட்டுகளில் லேசாகத் துடிப்பதற்கு இது காரணம். சோதனையைத் தளர்த்தினால் வால் நீளும், இறுக்கினால் கம்பி துடிக்கும். ஒவ்வொரு ஸ்டூடியோவும் நடுவில் எங்கோ நிறுத்துகிறது.

அப்படியானால் TAA-வை அணைத்துவிட்டால் என்ன? 2019 நவம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதற்கு நல்ல பாடம். 1080p திரையில் அதன் TAA படத்தை நன்றாகவே மங்கலாக்கும். அதை அணைத்தால் சுவரும் மண்ணும் பளிச்சென்று கூர்மையாகும். ஆனால் ஆர்தரின் தலைமுடியையும் குதிரையின் பிடரியையும் பாருங்கள்: புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல இருக்கும். பாதி ஒளி ஊடுருவும் முடியை முறையாக வரைவது செலவு என்பதால், ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் என்று வரைந்து, TAA அதைக் கலந்து மென்மையாக்கிவிடும் என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறார்கள். மெனுவில் MSAA-வும் இருக்கிறது. ஃப்ரேம்களை விழுங்கும், முடியைச் சரிசெய்யாது. TAA-வை நம்பிக் கட்டிய விளையாட்டில் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது பெரும்பாலும் நஷ்டம்தான். அங்கே செய்ய வேண்டியது, TAA-வை வைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள TAA Sharpening கோட்டைக் கொஞ்சம் உயர்த்துவது. பொருள்களின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், குறையுங்கள்.

DLAA, DLSS, FSR, XeSS எல்லாம் இதே குடும்பம். கேமராவை அசைத்துப் பழைய ஃப்ரேம்களைச் சேர்ப்பதுதான் அடிப்படை. எந்தப் பழைய நிறத்தை நம்புவது, எதை எறிவது என்ற முடிவை DLSS, DLAA-வில் மனிதர் எழுதிய விதிக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற நியூரல் நெட்வொர்க் எடுக்கிறது. நம் கம்பிக்கு அது பெரிய வித்தியாசம். 2020-இல் வந்த DLSS 2 முதலே மெல்லிய கோடுகளில் சாதாரண TAA-வை விடத் தேறியது. 2025-இல் வந்த DLSS 4-இல் நகரும்போது மங்குவதும் நன்றாகக் குறைந்திருக்கிறது. DLSS குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும். DLAA முழு அளவிலேயே வரையும், ஆகவே செலவு கூடுதல். இரண்டுக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். மற்ற கார்டுக்காரர்களுக்கு FSR-இன் Native AA இருக்கிறது. எந்த விளையாட்டில் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து தரம் மாறும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், உங்கள் கார்டில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவசக் கருவி, விளையாடும்போதே கார்டின் உழைப்பைச் சதவீதத்தில் காட்டும். 60 ஹெர்ட்ஸ் திரை, ஃப்ரேம் 60-இல் பூட்டியிருக்கிறது, கார்டு 40 சதவீதம்தான் உழைக்கிறது என்றால் அந்த மிச்சத்தைப் படத்துக்குச் செலவழிக்கலாம். என்விடியா டிரைவரில் உள்ள DSR-ஐ 1.78x வைத்தால் 1080p திரைக்கு 2560 x 1440 அளவில் வரைந்து சுருக்கும். உழைப்பு தோராயமாக 70 சதவீதத்துக்கு ஏறும், ஃப்ரேம் குறையாது. பழைய விளையாட்டுகளுக்கு இதை விட நல்ல மருந்து இல்லை. ஏஎம்டி கார்டில் இதன் பெயர் VSR. மாறாக, கார்டு ஏற்கனவே 99 சதவீதம் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. MSAA 4x கூட ஃப்ரேமைப் பிடித்து இழுக்கும்.

சோதிப்பதற்கும் ஒரு முறை வேண்டும். விளையாட்டில் கம்பியோ வேலியோ மரக்கிளையோ வானத்தின் முன்னால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். தேர்வு ஒவ்வொன்றையும் மாற்றி, முதலில் அசையாமல் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். கடைசியில் வேகமாகத் திரும்பிப் பாருங்கள். நிற்கும்போது துண்டாகத் தெரிந்தால் புள்ளிகள் போதவில்லை. நடக்கும்போது துடித்தால் FXAA வகை ஊகம். திரும்பும்போது சுவரின் எழுத்து குழைந்தால் TAA-வின் மறுகலவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடாதீர்கள். நின்ற படத்தில் TAA எப்போதும் ஜெயிக்கும், அதன் குறை நகர்வில்தான் இருக்கிறது; அணைத்து வைத்த படமும் கூர்மையாகத்தான் தெரியும், அதன் துடிப்பும் நகர்வில்தான் இருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால் இது. வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்டிரைக் போல எதிரியைத் தூரத்தில் கண்டுபிடித்துச் சுட வேண்டிய விளையாட்டில் MSAA 4x; கார்டு திணறினால் 2x; அதற்கும் வழியில்லை என்றால் அணைத்துவிடலாம், FXAA வேண்டாம். மரமும் புல்லும் முடியும் நிறைந்த கதை விளையாட்டில், ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால் DLAA, ஃப்ரேம் போதாவிட்டால் DLSS Quality. இரண்டும் இல்லாதவர்கள் TAA-வோடு லேசான கூர்மை. 4K திரையில் பிக்சலே சிறியது என்பதால் TAA-வின் மங்கல் பெரிதாக உறுத்தாது, தயங்காமல் வைக்கலாம். 1080p திரையில், 30 ஃப்ரேம் தரும் பழைய கார்டில், TAA-வை நம்பிக் கட்டிய புதிய விளையாட்டு என்றால் எந்தத் தேர்வும் திருப்தி தராது. அங்கே நிழலையும் பிரதிபலிப்பையும் ஒரு படி குறைத்து ஃப்ரேமை அறுபதுக்குக் கொண்டுவருவதுதான் TAA-வுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.